20 கேஜ் என்றால் எத்தனை மி.மீ.? டெண்டர் போடுமுன் எழுதிக் கேட்க வேண்டியவை

ஸ்டீல் பீரோ, கட்டில், மேசை போன்றவற்றை அரசு விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சப்ளை செய்யும் சிறு உற்பத்தியாளர்களின் கேள்விகளே இம்முறை அதிகம் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஐந்து கேள்விகளாகப் பதில் தருகிறோம்.

விவரக்குறிப்பில் "20 கேஜ் சி.ஆர். ஷீட்" என்று இருக்கிறது. விலைப் பட்டியல் எக்செல்லில் அதே பீரோவுக்கு "0.8 மி.மீ." என்று இருக்கிறது. 200 பீரோ. எதை வைத்து விலை போடுவது?

இரண்டில் எதையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஷீட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் என்பது ஒரே அளவு அல்ல, எந்த அட்டவணையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அட்டவணையில் 20 கேஜ் 0.914 மி.மீ. கால்வனைஸ்டு ஷீட்டுக்கான அமெரிக்க அட்டவணையில் அதே 20 கேஜ் ஏறக்குறைய 1 மி.மீ. எக்செல்லில் உள்ள 0.8 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஜி.படி 21 கேஜுக்குப் பக்கத்தில் வரும்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 1980 × 915 × 485 மி.மீ. பீரோவில் பக்கங்கள், முதுகு, கதவுகள், மேல், அடி, நான்கு தட்டுகள் எல்லாம் சேர்த்தால், மடிப்புகளை விட்டுவிட்டாலும் சுமார் 8.2 சதுர மீட்டர் ஷீட் வருகிறது. 0.1 மி.மீ. கூடினால் பீரோவுக்கு 6.4 கிலோ இரும்பு கூடும். கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் ஒரு பீரோவுக்கு 450 ரூபாய், 200 பீரோவுக்கு 90,000 ரூபாய். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர், ஆவதும் ஆகாமல் போவதும் பெரும்பாலும் இதைவிடச் சின்னத் தொகையில்தான் முடிவாகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 50 முதல் 60 மைக்ரான் இருக்கும், இரு பக்கமும் சேர்த்தால் 0.1 மி.மீ.க்கு மேல். ஆய்வுக்கு வருபவர் கதவின் விளிம்பில் மைக்ரோமீட்டரை வைத்தால் 0.8 ஷீட்டும் 0.9 என்று காட்டும். ஒருவர் பெயின்ட்டோடு அளப்பார், இன்னொருவர் சுரண்டிவிட்டு அளப்பார். எப்படி அளப்பார்கள் என்பதும் உங்கள் கேள்வியில் இருக்க வேண்டும்.

"தடிமனைத் தெளிவுபடுத்தவும்" என்று மட்டும் எழுதினால் "டெண்டர் நிபந்தனைப்படி" என்ற பதில்தான் வரும். பதில் எழுதுபவர் கோப்பைப் புரட்டாமலே முடிவெடுக்கும்படி எழுதுங்கள்:

பக்கம் 23, அட்டவணை 2, வரிசை 4: "20 கேஜ் சி.ஆர். ஷீட்" என்று உள்ளது. விலைப் பட்டியல் வரிசை 4: "0.8 மி.மீ." என்று உள்ளது.
கேள்வி: (அ) இவ்விரண்டில் எது பொருந்தும்? (ஆ) தேவையான ஷீட் தடிமனை மில்லிமீட்டரிலும், ஏற்கப்படும் கூடுதல் குறைவையும் தெரிவிக்கவும். (இ) தடிமன் பவுடர் கோட்டிங் நீக்கி அளக்கப்படுமா? (ஈ) கதவு, உடல், தட்டு மூன்றுக்கும் ஒரே தடிமனா?
வேண்டுகோள்: பதிலைத் திருத்த அறிவிப்பாக வெளியிட்டு, விலைப் பட்டியலையும் திருத்தித் தரவும்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் வெறும் கடிதமாக மட்டும் இருந்தால், பின்னாளில் ஒப்பந்தத்தோடு சேர்க்கப்படும் ஆவணத்தில் பழைய வரிதான் நிற்கும். திருத்த அறிவிப்பாக வந்தால் அது டெண்டர் ஆவணத்தின் பகுதியாகிவிடுகிறது.

"0.8 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று முடிவை முன்வைத்துக் கேட்பது நல்ல முறைதான், பதில் சீக்கிரம் வரும். ஆனால் "ஆம்", "இல்லை" இரண்டில் எது வந்தாலும் உங்களால் செய்து கொடுக்க முடியும் என்றால் மட்டும் அப்படிக் கேளுங்கள்.

"ஆணை வழங்கிய 45 நாட்களுக்குள் மாவட்டத்தில் உள்ள 38 விடுதிகளுக்கும் வழங்க வேண்டும்" என்று ஒரே வரி. இதில் என்ன கேட்பது?

மேலோட்டமாகத் தெளிவாகத் தெரிகிற இந்த வரியில்தான் அதிகம் பேர் நஷ்டப்படுகிறார்கள். முதல் கேள்வி, 45 நாள் எந்தத் தேதியிலிருந்து என்பது. ஆணையில் போட்ட தேதியா, அது உங்கள் கைக்கு வந்த தேதியா, ஒப்பந்தம் கையெழுத்தான தேதியா, மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்த தேதியா? ஆணை 5 நாள் கழித்து வருகிறது, மாதிரி பீரோ செய்ய 6 நாள், அதை அவர்கள் பார்த்து ஒப்புதல் தர 10 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 நாள் போய்விட்டது, மிஞ்சியது 24 நாள். அதில்தான் 200 பீரோவும் செய்து, பெயின்ட் அடித்து, 38 இடங்களில் இறக்க வேண்டும். அனுப்புமுன் தொழிற்சாலை ஆய்வு உண்டு என்றால், நீங்கள் அழைத்த நாளுக்கும் அவர்கள் வந்த நாளுக்கும் நடுவிலுள்ள நாட்கள் 45-ல் சேருமா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது, "வழங்க வேண்டும்" என்றால் எதுவரை? விடுதி வாசலில் லாரியோடு நிற்பதா, இறக்குவதா, இரண்டாம் மாடி அறையில் வைப்பதா? இறக்குகூலியும் மாடி ஏற்றும் கூலியும் யாருடையது? "எஃப்.ஓ.ஆர். சேருமிடம்", அதாவது சேருமிடம் வரை வண்டிச் செலவு உங்களுடையது, என்று எழுதியிருந்தால்கூட இறக்குகூலி அதில் அடங்கும் என்று எல்லா அலுவலகங்களும் ஒரே மாதிரி படிப்பதில்லை. 38 விடுதிகளின் முகவரியும், விடுதிவாரியாக எத்தனை பீரோ என்ற பட்டியலும் கேளுங்கள். ஒரு விடுதிக்கு 3, இன்னொன்றுக்கு 12 என்றால் வண்டி வாடகைக் கணக்கே வேறு. விடுமுறையில் விடுதி பூட்டியிருந்தால் யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். டெலிவரி சலானில் காப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் பில் நகராது.

மூன்றாவது தாமத அபராதம். "வாரத்துக்கு 0.5 சதவீதம்" என்றால் எதன் மீது? பீரோ 12,000 ரூபாய் என்றால் மொத்தம் 24 லட்சம். 180 பீரோ நேரத்துக்குப் போய், 20 மட்டும் மூன்று வாரம் தாமதம் என்றால், தாமதமான சரக்கின் மதிப்பில் பிடித்தால் 3,600 ரூபாய். முழு ஒப்பந்த மதிப்பில் பிடித்தால் 36,000. எது என்று டெண்டரில் இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். பகுதி பகுதியாக வழங்கவும் பகுதி பில் போடவும் அனுமதி உண்டா என்பதையும் அதே கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "0.8 போதும், போடுங்கள்" என்றார்கள். இது போதாதா?

போதாது. ஆய்வுக்கு வருபவர் வேறு, பில் பாஸ் செய்பவர் வேறு, தணிக்கை செய்பவர் வேறு. மூவர் கையிலும் இருக்கப்போவது டெண்டர் ஆவணம்தான். போனில் கேட்பதில் தப்பில்லை. யாருக்கு எழுத வேண்டும், கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். டெண்டர் போடுமுன் அலுவலகம் நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்தில் வாயால் சொன்ன பதிலும் இதே ரகம்தான். கூட்டத்துக்குப் போகும்போது கேள்விகளை எழுத்தில் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள், கூட்டக் குறிப்பு வெளியானதும் உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது, எந்த வழியில் கேட்பது? நான் கேட்டது போட்டியாளருக்குத் தெரிந்துவிடுமா?

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்புவரை கேட்கப்படும் விளக்கத்துக்குப் பதில் தர வேண்டும், கேட்டவர் யார் என்று காட்டாமல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பதிலை அனுப்ப வேண்டும் என்கின்றன விதிகள். ஆகவே பதில் எல்லோருக்கும் போகும், உங்கள் பெயர் போகாது. ஆனால் கேள்வியின் வாசகத்திலேயே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். "எங்களிடம் 1250 மி.மீ. அகல ஷீட் இருப்பில் உள்ளது, அதைப் பயன்படுத்தலாமா?" என்று எழுதினால் உங்கள் செலவுக் கணக்கே வெளியே போய்விடும். இருப்பு, இயந்திரம், சப்ளையர் பற்றி ஒரு சொல்லும் கேள்வியில் வேண்டாம்.

tntenders.gov.in தளத்தில் முக்கியத் தேதிகள் பகுதியில் விளக்கம் கேட்கும் காலம் குறித்திருந்தால், அந்த நாட்களுக்குள் தளத்திலேயே கேளுங்கள். குறிக்காமல் விட்டிருந்தால் ஆவணத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பி, நகலை ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம் தளத்தில் பிட் வெளியான 4 நாட்களுக்குள் Representation பகுதியில் எழுத வேண்டும். அதற்குப் பதில் தராமல் வாங்கும் அலுவலகம் பிட்டைத் திறக்க முடியாது.

48 மணி நேரம் என்பது கடைசி எல்லை மட்டுமே. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு விதிப்படி குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. முதல் நான்கு நாட்களுக்குள் கேட்டுவிட்டால்தான், மழுப்பலான பதில் வந்தால் இன்னொரு முறை கேட்க நேரம் இருக்கும்.

பதிலே வரவில்லை, அல்லது "டெண்டர் நிபந்தனைப்படி" என்று மட்டும் வந்தது. விலைக் கடிதத்தில் "0.8 மி.மீ. என்ற அடிப்படையில்" என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். அது நிபந்தனையுள்ள டெண்டர் என்று தள்ளுபடி ஆகும் வாய்ப்பு அதிகம். "குழப்பமாக எழுதியது அவர்கள், அதனால் எனக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும்" என்ற வாதத்தையும் நம்பி விலை போடாதீர்கள். டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதன் பொருளை நன்றாக அறிந்தவர் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் நாக்பூர் மெட்ரோ தொடர்பான அஃப்கான்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

செய்யக்கூடியது இதுதான். கேள்வியைச் சுருக்கி, ஒரே ஒரு எண்ணைக் கேட்டு மறுபடி அனுப்புங்கள். முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, மேல் அதிகாரிக்கும் நகல் வையுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் உங்களுக்குக் கடினமான அர்த்தத்தை, அதாவது பெயின்ட் நீக்கி 0.914 மி.மீ. என்பதை, எடுத்து விலை போடுங்கள். அந்த விலையில் நிற்க முடியாது என்று கணக்கு சொன்னால் இந்த டெண்டரை விட்டுவிடுவதே நல்லது, முன்வைப்புத் தொகையாவது மிஞ்சும்.

விலை போட்ட பிறகும் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். திருத்த அறிவிப்போடு புது விலைப் பட்டியல் எக்செல் வந்திருந்தால், பழையதை நிரப்பி ஏற்றியவர்கள் புதியதை இறக்கி, நிரப்பி, கடைசி நேரத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். கேள்வி கேட்டவரே அதைக் கவனிக்காமல் பழைய பட்டியலோடு வெளியேறுவதும் நடக்கிறது.