விடுபட்ட கணித வகுப்பை ஆன்லைனில் ஈடுசெய்வது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணித டியூஷன் எடுக்கிறேன். காய்ச்சலால் ஒரு மாணவி வியாழக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. அன்று வர்க்கப் பூர்த்தி முறை நடத்தினேன். திங்கட்கிழமை சூத்திர முறை. இடையில் ஆன்லைனில் அந்த வகுப்பை எடுத்துத் தரும்படி அவளுடைய அம்மா கேட்கிறார். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். துறைமுக வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் அவர் வருவார். முன்பு ஒரு மாணவனுக்கு இப்படி எடுத்தபோது "புரியுது மிஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் ஒரு கணக்குகூடப் போட வரவில்லை. இந்த முறை எப்படி எடுப்பது?

பதில்: வியாழக்கிழமை நடத்திய அனைத்தையும் போனில் திரும்ப நடத்த முயலாதீர்கள். திங்கட்கிழமை நீங்கள் நடத்தப்போகும் பாடம் அவளிடம் எதை எதிர்பார்க்கிறதோ, அதை மட்டும் உறுதிசெய்வதே இந்த ஈட்டு வகுப்பின் வேலை. சூத்திர முறை என்பது ax² + bx + c = 0 என்ற பொதுச் சமன்பாட்டை வர்க்கப் பூர்த்தி செய்து பெறுவதுதான். ஆகவே x-இன் கெழுவைப் பாதியாக்கி வர்க்கப்படுத்துவது, அந்த எண்ணை இருபுறமும் கூட்டுவது, வர்க்கமூலம் எடுக்கும்போது ± இடுவது ஆகிய மூன்றும் அவள் கைக்கு வந்துவிட்டால் திங்கட்கிழமை வகுப்பை அவளால் தொடர முடியும். மற்றப் பயிற்சிக் கணக்குகளைப் பிறகு அவளே போட்டுக்கொள்வாள்.

இதற்கு 40 நிமிடம் போதும். 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலும் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு ஓர் இணைய வகுப்பு 30 முதல் 45 நிமிடம் வரை இருக்கலாம் என்றே வரையறுத்தது. அது முழு வகுப்பறைக்குச் சொன்னது. ஒரே மாணவி ஆசிரியரின் பார்வையிலேயே எழுதும் வகுப்பு இன்னும் விரைவாகக் களைப்பைத் தரும். அதிலும் இவள் காய்ச்சலிலிருந்து எழுந்தவள்.

நாளாக ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேலை நாளில் இரவு எட்டரை மணிக்கு அந்தப் போன் வீட்டுக்கு வரும்போது சார்ஜும் குறைந்திருக்கும், அன்றைய டேட்டாவும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தினசரி டேட்டா திட்டங்கள் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படுகின்றன. காலை வெளிச்சத்தில் நோட்டும் தெளிவாகத் தெரியும். ஆனால் துறைமுகம், மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு என்றால் விடுமுறை என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. நேரத்தைச் சொல்வதற்கு முன்பு அந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அழைப்பு அவருடைய எண்ணுக்கே போகட்டும். அம்மாவோ அப்பாவோ காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லையென்றால் வகுப்பைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

"புரியுது மிஸ்" என்ற பதிலுக்கு வருகிறேன். அந்த மாணவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். ஆசிரியர் ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டும்போது அடுத்த வரி சரியென்று தோன்றுவது இயல்பு. அந்த வரியைத் தானாக எழுத வருமா என்பது அப்போது அவனுக்கே தெரியாது. வகுப்பறையில் நோட்டை எட்டிப் பார்த்து நாம் இதைக் கண்டுபிடித்துவிடுகிறோம். வீடியோ அழைப்பில் நாம் பார்ப்பதோ முகத்தை. ஆகவே அழைப்பு தொடங்கி நலம் விசாரித்ததும், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே கேமராவை மாற்றும் பொத்தானைத் தொட்டுப் பின்பக்கக் கேமராவுக்கு மாறச் சொல்லுங்கள். ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு போனைப் படுக்க வைத்து, அதன் மறுமுனைமேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் கீழே இருக்கும் நோட்டு உங்கள் திரையில் தெரியும். பென்சில் எழுத்து வீடியோவில் மங்கிவிடும். நீல மைப் பேனாவால் சற்றுப் பெரிதாக எழுதட்டும். நீங்களும் உங்கள் போனை இப்படியே வைத்து, கோடில்லாத தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிகள் மட்டும் எழுதுங்கள்; அவள் பார்ப்பதும் சின்னத் திரையில்தான்.

முந்தின நாள் மாலையே இரண்டு சிறு கேள்விகளை அனுப்பி, விடைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலாவது, (x + 3)² என்பதை விரித்து எழுதுவது. இரண்டாவது, x² + 10x என்பதோடு எந்த எண்ணைக் கூட்டினால் அது முழு வர்க்கமாகும் என்பது. உடன் படிக்கும் பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவதுதான் பொதுவான வழக்கம். நான் அதை வகுப்புக்குப் பிறகுதான் அனுப்பச் சொல்வேன். முன்கூட்டியே முழுத் தீர்வையும் பார்த்துவிட்ட பிள்ளை அதையே நினைவிலிருந்து ஒப்பிக்கும். குறை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போகும்.

முதல் கேள்விக்கு அவள் x² + 9 என்று எழுதி அனுப்பினால், குறை வியாழக்கிழமைப் பாடத்தில் இல்லை, கீழ் வகுப்பில் இருக்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் முதல் பாதியை இதற்கே கொடுத்துவிடுங்கள். பக்கம் x உள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். அதன் வலப்பக்கம் 3 அகலத்தில் ஒரு பட்டையையும், கீழே அதே அகலத்தில் இன்னொரு பட்டையையும் ஒட்டுங்கள். சதுரத்தின் பரப்பு x². பட்டைகள் இரண்டும் சேர்ந்து 6x. இப்போது மூலையில் 3-க்கு 3 அளவில் ஒரு சிறு சதுரம் காலியாக நிற்பதை அவளே பார்ப்பாள். அந்த 9-ஐ வைத்தால்தான் (x + 3) பக்கமுள்ள பெரிய சதுரம் முழுமையாகும். 6-ஐ ஏன் பாதியாக்குகிறோம், அந்தப் பாதியை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்ற இரண்டுக்கும் இந்த ஒரே படம் காரணம் சொல்லிவிடும். விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு விடைகளும் சரியாக வந்திருந்தாலும் படத்தை ஒருமுறை காட்டிவிட்டு மேலே போங்கள்.

அதன்பின் நீங்கள் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும்; x² + 4x − 5 = 0 பொருத்தமாக இருக்கும். அடுத்த கணக்கை அவளே போட வேண்டும். அதற்கு x² + 6x − 7 = 0 என்ற சமன்பாட்டை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சரியாகப் போனால் x² + 6x = 7 என்று மாற்றி, இருபுறமும் 9 கூட்டி, (x + 3)² = 16 என்று வரும்; x + 3 = ±4; ஆகவே x = 1 அல்லது −7. இதில் வலப்பக்கம் வரும் எண்ணை மட்டும் கவனித்தாலே எங்கே தவறினாள் என்று தெரிந்துவிடும். 16-க்குப் பதிலாக 7 இருந்தால் இடப்பக்கம் மட்டும் 9 கூட்டியிருக்கிறாள். 10 இருந்தால் பாதியாக்கினாள், வர்க்கப்படுத்த மறந்தாள். 43 இருந்தால் பாதியாக்காமல் 6-ஐயே வர்க்கப்படுத்தி 36-ஐக் கூட்டியிருக்கிறாள். 2 இருந்தால் −7-ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றவில்லை. வலப்பக்கம் 16 வந்தும் x = 1 என்ற ஒரே விடையோடு நின்றுவிட்டால் ± விடுபட்டிருக்கிறது. படம் மங்கலாக இருந்தாலும், வீடியோவே நின்றுபோய்க் குரல் மட்டும் கேட்டாலும், "வலப்பக்கம் என்னம்மா வந்திருக்கு?" என்ற ஒரு கேள்வி போதும்.

அவள் எழுதும்போது நீங்கள் பேசாமல் இருப்பதுதான் இந்த வகுப்பில் மிகவும் கடினமான பகுதி. போனில் மௌனம் நீண்டால் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரு பக்கமும் பதற்றம் வரும். உடனே ஆசிரியர் அடுத்த வரியைச் சொல்லிவிடுவார், மாணவியும் அதைக் கேட்டு எழுதிவிடுவாள். உங்கள் பழைய மாணவன் விஷயத்திலும் இதுவே நடந்திருக்கலாம். "நீ எழுதி முடிக்கிறவரைக்கும் நான் பேச மாட்டேன், லைன்லதான் இருப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தவறான வரியைப் பார்த்தாலும் கணக்கு முடியும்வரை விட்டுவிடுங்கள். பிறகு அவள் கண்ட விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்க்கச் சொன்னால், தவறு இருப்பதை அவளே உணர்ந்து எந்த வரியில் என்று தேடத் தொடங்குவாள்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் அமைப்புகளில் Storage and data பகுதியில் இருக்கும் Use less data for calls என்பதை இயக்கினால் டேட்டா மிச்சமாகும். ஆனால் படத்தின் தெளிவு குறையலாம் என்பதால் தேவைப்பட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள். வீடியோ இரண்டு முறை நின்றுவிட்டால் மூன்றாம் முறை முயல வேண்டாம். சாதாரண அழைப்புக்கு மாறி, ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வகுப்பைத் தொடரலாம். இது அப்பாவின் போன் என்பதால் நடுவில் அவருக்கு அழைப்புகள் வரக்கூடும். வகுப்பு முடியும்வரை வரும் அழைப்புகளை எடுக்காமல் விட முடியுமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

x²-இன் கெழு 1 அல்லாத கணக்கு, எடுத்துக்காட்டாக 2x² − 5x − 3 = 0, நேரம் மிஞ்சினால் மட்டும். முதலில் முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் வகுக்க வேண்டும் என்ற ஒரு படி மட்டுமே அதில் புதிது. ஆனால் 5/4, 25/16 என்று பின்னங்கள் வந்தவுடன் களைத்த பிள்ளை கணக்கின் போக்கை விட்டுவிடும். அதைத் திங்கட்கிழமை எல்லோருக்கும் சேர்த்து நினைவூட்டலாகப் போட்டால் சூத்திரத்தில் ax²-ஐ a-ஆல் வகுக்கும் படிக்கு அதுவே நல்ல முன்னேற்பாடாகும்.

வகுப்பின் முடிவில் இரண்டு கணக்குகளைக் கொடுத்து, அவற்றை அப்போதே போட விடாமல், திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்புமுன் போட்டு அம்மாவிடம் காட்டி வைக்கச் சொல்லுங்கள். கேட்ட சூட்டில் சரியாக வருவது பெரிதல்ல. ஒரு இரவு கழிந்த பிறகும் வருகிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும். மாலை வகுப்பில் அவளைத் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது அவளுடையதையும் பாருங்கள். காலையில் போட்ட கணக்குகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதே மாணவி வடிவியல் வரைதல் வகுப்பையோ வரைபட வகுப்பையோ தவறவிட்டிருந்தால் ஆன்லைனில் எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் பெறும் அந்தக் கணக்குகளில் காம்பஸை எப்படிப் பிடிக்கிறாள், அளவுகோலை எங்கே வைக்கிறாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் திருத்த முடியும். அப்படிப்பட்ட நாளில் அடுத்த வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பாக அவளை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிடுங்கள்.