புறாமலை படகுச் சவாரி: "அவரைவிட மலிவு" என்று போடலாமா?

"நிலாவெளியில இருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுறன். பக்கத்துப் படகுக்காரர் 9,000 எடுக்கிறார், நான் 7,000. அவரின்ர பெயரைப் போட்டு விளம்பரம் செய்யலாமா? ஒரு யூடியூப் தம்பியை இலவசமா ஏத்தினா அதைச் சொல்லவேணுமா?"

பெயரைப் போடுறதைவிட, அந்த ரெண்டு விலையும் ஒரே சாமானுக்கோ எண்டதுதான் சிக்கல், அண்ணை. அவரின்ர 9,000இல நாலு பேருக்குக் கடலுக்க நீந்திப் பாக்கிற முகக்கண்ணாடியும் துடுப்புக்காலும் அடக்கம், நீங்கள் தலைக்கு 500 தனியா வாங்கிறியள் எண்டு வையுங்கோ. உங்கட கணக்கும் 9,000தான். பிறகு "2,000 மலிவு" எண்டது வாடிக்கையாளரை ஏமாத்திற கூற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை விடாது. வனவிலங்குத் திணைக்களத்தின்ர நுழைவுச்சீட்டையும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சேருங்கோ, இல்லாட்டி ரெண்டிலயும் கழியுங்கோ. அவரின்ர விலைப்பலகையைத் திகதியோட படமெடுத்து வையுங்கோ. விளம்பரத்திலயும் அந்தத் திகதி வரவேணும். அவர் விலையை மாத்தினா அண்டைக்கே உங்கடதை எடுங்கோ. "அவரின்ர படகு பாதுகாப்பில்லை" எண்டு மட்டும் எழுதாதையுங்கோ, நிரூபிக்க ஏலாது.

தம்பியின்ர விசயம்: இலவசச் சவாரியும் கூலிதான், சொல்லத்தான் வேணும். யூடியூப்பில பதிவேற்றேக்க paid promotion பெட்டியில சரி போட்டால் தொடக்கத்தில "Includes paid promotion" எண்டு வரும். அது தமிழ் ஆக்களுக்கு விளங்காமப் போகலாம். அதால முதல் அரை நிமிசத்துக்குள்ள "இந்தச் சவாரியை இலவசமாத் தந்தவை" எண்டு அவர் வாயாலயே சொல்லட்டும். விவரக்குறிப்பின்ர அடியில, ஹாஷ்டாக் கூட்டத்துக்க ஒளிச்சு வைச்சா ஒருத்தரும் பாக்கமாட்டினம். "நல்லதா மட்டும் சொல்லு" எண்டு கேளாதையுங்கோ.