பொங்கல் வாழ்த்தில் எது ஊருக்கு, எது வீட்டாருக்கு?

கேள்வி: கணவர் கட்டாரில் வேலை. நானும் இரண்டு பிள்ளைகளும் மாமியும் கிளிநொச்சியில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். முகநூலில் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அனைவருக்கும் இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள். அவர் இல்லாத மூன்றாவது பொங்கல். நாளைக்குப் பட்டிப்பொங்கல் முடியக் குடும்பமாக மன்னாருக்குப் போகிறோம், திங்கள்தான் திரும்புவோம். அப்பா அனுப்பிய சங்கிலியோடு மகள்." படலையடியில் எடுத்த படமும் இருக்கிறது. 2009இல் காணாமற்போன தன் இளைய மகனின் படத்தையும் சேர்க்கச் சொல்லி மாமி கேட்கிறா. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பவற்றில் முதல் வரி மட்டுமே வாழ்த்து. அதை உலகம் முழுவதும் பார்க்கும்படி போடலாம். அடுத்த மூன்று வரிகளும் வீட்டுச் செய்திகள். வாழ்த்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் அவை செய்தியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சமூக ஊடகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முகவரியை மறைக்கும்படி சொல்வார்கள். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது சரியான அறிவுரை. நம்முடைய ஊர்களில் யாருடைய காணி எது, எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வேலி திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் சந்திக் கடையில் நிற்கும் எவருக்கும் தெரியும். வீடு எங்கே என்பதை நீங்கள் மறைக்கவும் முடியாது, மறைப்பதால் பயனும் இல்லை. ஊருக்குத் தெரியாமல் இருப்பவை இரண்டுதான்: வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்பதும், வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதும். உங்கள் வரிகள் அந்த இரண்டையும் சொல்லிவிடுகின்றன. பட்டிப்பொங்கலன்று பின்னேரத்திலிருந்து திங்கள் வரை வீடு பூட்டியிருக்கும், வளர்ந்த ஆண் ஒருவரும் இல்லை, புதிதாக ஒரு சங்கிலி வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் அயலார் பலருக்கு முன்பே தெரிந்ததாக இருக்கலாம். மூன்றும் ஒரே பதிவில் நாள் குறித்து வரும்போதுதான் அது வேறொன்றாகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி வினைச்சொல்லைப் பார்ப்பது. "போகிறோம்", "திரும்புவோம்" என்று இனி நடக்கப்போவதைச் சொல்லும் வரியைப் பொதுவில் விடாதீர்கள். "போனோம்", "வந்தோம்" என்று முடிந்ததைச் சொல்லும் வரியைப் பெரும்பாலும் போடலாம். மன்னார்ப் பயணத்தின் படங்களைத் திங்கட்கிழமை வீடு திரும்பி, கதவைத் திறந்து, எல்லாம் இருந்தபடி இருப்பதைப் பார்த்த பிறகு போடுங்கள். பிந்திப் போட்ட படத்துக்கு விருப்பக்குறி குறைவதில்லை. கணவர் இல்லாத பொங்கல் என்ற வரியின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது அவருக்குச் சொல்லவேண்டியது, அவருக்கே அனுப்புங்கள்.

இனிப் படம். அதைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். படலையடியில் எடுத்த படம் என்பதால் மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு, பிள்ளை பாடசாலைச் சட்டையோடு நின்றால் அதிலுள்ள சின்னம், திறந்த கதவின் வழியே தெரியும் விறாந்தை ஆகியவை முகங்களுக்குப் பின்னால் பதிந்திருக்கக்கூடும். இலக்கத் தகட்டை வெட்டிவிடலாம். பாடசாலைச் சின்னத்தைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: பிள்ளையின் முகமும் பெயரும் பாடசாலையும் ஒரே படத்தில் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் பாடசாலை வாசலில் நின்று, அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, "அப்பா கட்டாரில் இருந்து சாமான் அனுப்பியிருக்கிறார்" என்று பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

என்னைக் கேட்டால், பொதுவில் போட வேறொரு படம் எடுப்பது நல்லது. சூரியன் எழும் நேரத்தில், கோலத்தின் நடுவில் மூன்று கல்லின் மேல் பானை பொங்கி வழியும்போது, அரிசி போடும் பிள்ளைகளின் கைகள் மட்டும் தெரியும்படி தாழ்வாக நின்று எடுங்கள். பின்னால் வேலியும் வானமும் இருக்கட்டும். வரிசையாக நின்று சிரிக்கும் படத்தைவிட அது பொங்கலாகவும் இருக்கும். முகங்கள் தெரியும் படம் சொந்தங்களுக்குத் தனியே போகட்டும்.

முகநூலில் பதிவை எழுதும் இடத்தில், உங்கள் பெயருக்குக் கீழே சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அதில் Public என்றால் எவரும், Friends என்றால் நண்பர் பட்டியலில் உள்ளவர்கள். இந்தப் பொத்தான் கடைசியாக நீங்கள் தெரிவு செய்ததை நினைவில் வைத்திருக்கக்கூடும். பொங்கலன்று Public என்று மாற்றிவிட்டு மறந்தால், அடுத்த கிழமை பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி எழுதுவதும் பொதுவிலேயே போகலாம். பலர் அகப்படுவது இந்த இடத்தில்தான். உங்கள் பக்கத்தை வெளியாள் எப்படிப் பார்க்கிறார் என்று அறிய, உங்கள் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி View as என்பதைத் திறந்து பாருங்கள். பழைய தீபாவளி, புத்தாண்டுப் பதிவுகள் அங்கே வரிசையாகத் தெரிந்தால், அமைப்புகளில் Limit past posts என்பதன் மூலம் அவற்றை ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாம்.

நண்பர்களுக்கு மட்டும் என்பதையும் அளவுக்கு மீறி நம்பவேண்டாம். எண்ணூறு பேர் இருக்கும் பட்டியல் ஒரு கோவில் திருவிழாக் கூட்டம். அதற்குள் வீட்டுக் கதை பேச முடியாது. அதோடு, அந்தப் பதிவில் கனடாச் சித்தப்பாவை டாக் செய்தால், வழமையான அமைப்பில் அவருடைய நண்பர்களும் அதைப் பார்க்கலாம். ஆகவே வீட்டுப் படங்களில் எவரையும் டாக் செய்யாதீர்கள்.

தனியாக அனுப்புவதற்கு வட்ஸ்அப் போதும், ஆனால் அதில் மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றல்ல. ஸ்டேட்டஸ் வைத்தால், வழமையான My contacts என்ற அமைப்பில், உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும், நீங்களும் சேமித்திருக்கும் எல்லோரும் 24 மணித்தியாலங்களுக்கு அதைப் பார்க்கலாம். எரிவாயுக் கடைக்காரர், பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோத் தம்பி, நுண்கடன் வசூலிக்க வருபவர் எல்லோரும் உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பார்கள். இந்த மாதக் கடன் தவணையைக் கட்ட ஒரு கிழமை அவகாசம் கேட்ட பெண், மகளின் புதுச் சங்கிலியை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, மறுநாள் வாசலில் வந்து நின்றவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்ததை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சங்கிலி கணவர் அனுப்பியது, தவணை வேறு கணக்கு. ஆனால் படம் அந்த விளக்கத்தைச் சொல்லாது. ஸ்டேட்டஸ்தான் வேண்டுமென்றால் Only share with என்பதைத் திறந்து, பார்க்கவேண்டியவர்களை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

குழுவில் அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் எல்லோருடைய எண்களும் ஒருவருக்கொருவர் தெரியும். பழைய மாணவர் குழு, கிராமக் குழு போன்றவற்றில் அது நல்லதல்ல. உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் New broadcast என்று வரும். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒரு தடவை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வந்த வாழ்த்தாகப் போய்ச் சேரும். லண்டன் பெரியம்மாவுக்கு அது தனக்கென்றே அனுப்பியதாகத் தோன்றும், கோபமும் வராது. ஒரு குறை உண்டு: உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமிக்காதவருக்கு அது போய்ச்சேராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info என்பதைப் பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். விடுபட்டவர்களுக்குத் தனியே அனுப்புங்கள். படத்தோடு "முகநூலில் போடவேண்டாம்" என்று ஒரு வரி எழுதுவதற்குக் கூச்சப்படாதீர்கள். படம் கையை விட்டுப் போன பிறகு எந்த அமைப்பும் அதைக் காக்காது. அன்பினாலேயே எடுத்துப் போட்டுவிடும் மச்சாள் ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பாள்.

மாமியின் கேள்விக்கு இவ்வளவு விரைவாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. பொங்கல் வாழ்த்தில் அந்தப் பிள்ளையின் முகமும் இருக்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்பதை, பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பது சரியல்ல என்பது என் எண்ணம். அந்தப் படம் பொதுவில் இருப்பதால் அவரைக் கண்டவர் எவராவது பேசக்கூடும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கும். ஆனால் காணாமற்போனவரைப் பற்றித் தகவல் தெரியும், இன்ன இடத்தில் இருக்கிறார், இவ்வளவு பணம் தந்தால் பேச வைக்கலாம் என்று சொல்லி வரும் அழைப்புகளை வன்னி அறியும். அப்படி அழைப்பவர் உண்மை போலப் பேசுவதற்கு வேண்டிய பெயர், பிறந்த நாள், கடைசியாகக் கண்ட இடம், அன்று போட்டிருந்த உடுப்பு ஆகிய அனைத்தையும் குடும்பம் எழுதிய பதிவிலிருந்தே எடுத்துவிடுவார்.

எனவே படத்தையும் பெயரையும் போடுங்கள். மாமிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை, உடலில் உள்ள ஒரு தழும்பையோ, சிறு வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரையோ, எந்தப் பதிவிலும் எந்தக் குழுவிலும் எழுதாமல் வைத்திருங்கள். முன்பு ஏதாவது பதிவில் அதை எழுதியிருந்தால் வேறொன்றைத் தெரிவு செய்யுங்கள். அழைப்பு வந்தால் முதலில் அதைக் கேட்கவேண்டும் என்பதை மாமிக்கும் சொல்லி வையுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் பணத்தைப் பற்றி அவசரப்படுத்துபவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். தொலைபேசி எண்ணை அந்தப் பதிவில் போடவேண்டாம். தகவல் உள்ளவர் செய்திப் பெட்டியில் எழுதட்டும். அப்போது எழுதியவரின் பக்கத்தைத் திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். மேலும், அந்தப் பதிவு பானைப் படத்தோடு சேராமல் தனியாக இருக்கட்டும். வாழ்த்துக்குக் கீழே "ஹாப்பி பொங்கல்" என்று வரும் நூறு பேரின் நடுவில் அந்த முகம் இருப்பதை மாமி தாங்குவாவா என்று அவவிடமே கேளுங்கள்.

இவ்வளவும் செய்தால், பொங்கலன்று காலையில் உங்கள் பொதுப் பதிவில் பானையின் படமும், "அனைவருக்கும் இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள், எங்கள் முற்றத்தில் பால் கிழக்கே பொங்கியது" என்ற வரியும் மட்டும் இருக்கும். சங்கிலியோடு நிற்கும் மகளின் படம் கட்டாருக்குத் தனியே போகும்.