கேள்வி–பதில்: பெட்டகத்தின் சாவி தொலைந்தால்

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் செயலியை இரண்டு வருடமாக விரல்ரேகையால்தான் திறந்தேன். புதிய மடிகணினி, பெட்டகம் முழுவதையும் திறக்கும் மாஸ்டர் கடவுச்சொல்லைக் கேட்கிறது, நினைவில்லை. கைத்தொலைபேசியில் மட்டும் இன்னும் திறக்கிறது. – வெள்ளவத்தை வாசகி

அந்தக் கைத்தொலைபேசியைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள், செயலியை அழிக்காதீர்கள், புதிய விரல்ரேகை எதையும் பதியாதீர்கள். ரேகைப் பதிவு மாறினாலே செயலி மாஸ்டர் கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாமே என்று தோன்றும். அதற்கும் அதே கடவுச்சொல்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து தாளில் எழுதுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. எழுதிய மின்னஞ்சல் கடவுச்சொல்லால் வேறொரு கருவியில் நுழைந்து பாருங்கள். அடுத்த படி அதில்தான் தங்கியிருக்கிறது.

எழுதி முடித்த பிறகே vault.bitwarden.com/#/recover-delete பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். வரும் இணைப்பை உறுதிசெய்தால் பழைய கணக்கு உள்ளிருப்பதோடு அழியும். அதே முகவரியில் புதுக் கணக்கு தொடங்கலாம். கட்டணச் சந்தா இருந்தால், அழிக்குமுன் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

குறிப்பு ஒன்று எழுதி வைத்ததாக ஞாபகம். அது எங்கே? – தெஹிவளை

உள்நுழையும் பக்கத்தில் கடவுச்சொல் குறிப்பைக் கேளுங்கள், மின்னஞ்சலுக்கு வரும்.

காசு கட்டிய வாடிக்கையாளருக்கு நிறுவனம் ஏன் மீட்டுத் தரக்கூடாது? – கொட்டாஞ்சேனை

அவர்களிடம் சாவி இல்லை. நீங்கள் தட்டும் சொல்லிலிருந்து உங்கள் கருவியே சாவியைக் கணக்கிடுகிறது. வழமையான அமைப்பில் அந்தக் கணக்கீடு 6,00,000 தடவை சுழல்கிறது. நிறுவனத்தின் கணினியில் கிடப்பது பூட்டிய பெட்டி மட்டுமே. அவர்களால் திறக்க முடிந்தால், அவர்களிடம் திருடுபவனாலும் முடியும்.

என் ஆதங்கம் வேறு. விரல் வைத்தால் போதும் என்று விற்கிறார்கள், நாமும் மாதக்கணக்கில் அந்தச் சொல்லைத் தட்டுவதில்லை. விரல்ரேகை சாவிக்கு மாற்று அல்ல. அந்த ஒரு கருவியில் மட்டும் செல்லுகிற குறுக்குவழி. கணக்கு திறந்த அன்றே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். கட்டணத் திட்டத்தில் அவசர அணுகல் வசதியும் உண்டு: நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே நியமித்து, கணக்கைப் பொறுப்பேற்கும் உரிமையைக் கொடுத்திருந்தால், அவர் புதிய மாஸ்டர் கடவுச்சொல்லை இடலாம். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கோபத்தை நிறுவனத்தின் மீது காட்டாதீர்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு கடை 'மீட்டுத் தருகிறோம்' என்று 12,000 ரூபாய் வாங்கியது. மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் கேட்டார்கள், கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. – மட்டக்குளி

தம்பி, தவறு உங்களுடையதல்ல. முடியாததை விற்றிருக்கிறார்கள். நானும் ஒருமுறை பூட்டிய கோப்பைத் திறக்கும் என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். அது செய்ததெல்லாம் அகராதிச் சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்ததுதான். உங்கள் கடவுச்சொல்லில் கடைசி எண் ஒன்றுதான் மறந்தது என்றால், அதை நீங்களே தட்டிப் பார்க்கலாம். முழுவதும் மறந்திருந்தால் எந்தக் கடையாலும் முடியாது.

இன்றே மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு இலக்கமாக யாருடைய தொலைபேசி எண் இருக்கிறது என்றும் பாருங்கள். பிறகு பற்றுச்சீட்டுடன் கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.