ஒரே நொதிக்கு இரண்டு வாசல்கள்: புரதங்கள் செல் உறுப்புகளுக்குள் நுழைவது பற்றிக் கேள்வி பதில்

முதுகலை மாணவி: ஐயா, மைட்டோகாண்ட்ரியா, பெராக்சிசோம், எண்டோபிளாச வலை மூன்றுக்கும் புரதங்களை அனுப்பும் சமிக்ஞைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். அமினோ அமில வரிசையைத் தவிர வேறு என்ன வேறுபாடு?

வாசலுக்கு வந்து சேரும்போது புரதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பெரிய வேறுபாடு. வரிசை மறந்துபோனால் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இது பிடிபடாவிட்டால் மற்றவை எல்லாம் வெறும் பெயர்ப் பட்டியல்.

எண்டோபிளாச வலைக்குப் போகவேண்டிய புரதத்தின் தலைப்பகுதியில், நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் தொடர்ச்சியாக இருக்கும். அந்தப் பகுதி ரைபோசோமிலிருந்து தலைகாட்டியதுமே எஸ்ஆர்பி என்ற துகள் பிடித்துக்கொள்கிறது. உற்பத்தி தடைப்பட்டு, ரைபோசோமே வலையின் சவ்வுக்குக் கொண்டுபோகப்பட்டு, செக்61 துளையின்மேல் உட்காருகிறது. பிறகு மீதிப் புரதம் உருவாக உருவாக நேரே உள்ளே இறங்குகிறது. வெளியே மடிவதற்கு அதற்கு அவகாசமே இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்குரிய புரதங்களில் பல, சைட்டோசாலில் முழுதாக உருவாகி முடிந்த பிறகும் உள்ளே போகக்கூடியவை. தலையில் உள்ள சமிக்ஞை சுருளாக நிற்கும்போது ஒரு பக்கம் முழுக்க நேர்மின்னூட்டம், மறுபக்கம் நீரோடு ஒட்டாத தன்மை. ஆனால் வெளிச்சவ்வின் டாம், உட்சவ்வின் டிம் துளைகள் குறுகலானவை. ஊசியில் நூல் கோர்ப்பது போல, விரிந்த சங்கிலியாகத்தான் புரதம் நுழைய முடியும். உட்சவ்வின் மின்னழுத்தம் தலையை இழுக்கிறது. உள்ளே இருக்கும் எச்எஸ்பி70 என்ற உதவிப் புரதம், ஏடிபியைச் செலவழித்து மீதியை இழுக்கிறது.

பெராக்சிசோம் இதற்கு நேர் எதிர். அதன் பொதுவான சமிக்ஞை வாலின் கடைசி மூன்று அமினோ அமிலங்கள்: செரின், லைசின், லியூசின் அல்லது அதை ஒத்தவை. பெக்ஸ்5 என்ற ஏற்பி அதைப் பிடித்து, முழுதாக மடிந்த புரதத்தை அப்படியே உள்ளே சேர்க்கிறது. 1995இல் சுப்ரமணியின் ஆய்வுக்குழு, இந்த வால் கொண்ட புரதங்களை 9 நானோமீட்டர் வரையான தங்கத் துகள்களில் ஒட்டிச் செல்லுக்குள் விட்டது. துகள்கள் பெராக்சிசோமுக்குள் போய்ச் சேர்ந்தன. தங்கத்தை யாராலும் விரித்து நூலாக்க முடியாது.

கல்லூரி ஆசிரியர்: அப்படியானால் ஒருமுறை மடிந்துவிட்ட புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவே முடியாது. வகுப்பில் அப்படித்தான் சொல்லி வருகிறேன். சரிதானே?

பாதி சரி. மடிந்த நிலையில் நுழைய முடியாது. மடிந்தது மறுபடி அவிழ்ந்தால் நுழையும். தளர்வாக மடிந்தவற்றை அந்த இழுவையே அவிழ்த்துவிடும்.

1986இல் பாசலில் ஐலர்ஸும் ஷாட்ஸும் செய்த சோதனையை வகுப்பில் சொல்லுங்கள். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற சைட்டோசால் நொதியின் தலையில் மைட்டோகாண்ட்ரியச் சமிக்ஞையை ஒட்டினார்கள். அது உள்ளே போயிற்று. அதே நொதியை இறுகப் பிடித்து மடிந்த நிலையில் நிறுத்திவைக்கும் மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்ததும் நுழைவு நின்றுபோயிற்று. சமிக்ஞையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவிழ முடியாததால் வாசல் மூடிக்கொண்டது.

ஆய்வு மாணவர்: என் புரதத்தின் கடைசியில் செரின்–லைசின்–லியூசின் இருக்கிறது. பச்சை ஒளிர் புரதத்தை வால் பக்கம் இணைத்தேன். செல் முழுக்கப் பச்சையாகத் தெரிகிறது, புள்ளிகளே இல்லை.

வால் முனையை மூடிவிட்டீர்கள். அந்த மூன்று எழுத்துகளும் சங்கிலியின் கடைசி மூன்றாக இருக்கவேண்டும். உடனே நிறுத்தக் குறியீடு வரவேண்டும். பின்னால் ஒரே ஓர் அமினோ அமிலம் ஒட்டியிருந்தாலும் பெக்ஸ்5இன் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஒளிர் புரதத்தைத் தலைப் பக்கம் மாற்றுங்கள். நான் மாணவனாக இருந்தபோது, வாங்கிய பிளாஸ்மிடில் வாலுக்குப் பின்னால் ஆறு ஹிஸ்டிடின் இருப்பதைக் கவனிக்காமல் இரண்டு மாதங்களை இழந்தேன். வரிசையைக் கடைசி எழுத்துவரை படித்துப் பாருங்கள்.

பயிற்சி மருத்துவர்: சிறுநீரகத்தில் ஆக்சலேட் கற்கள் உள்ள ஒரு குழந்தை. முதல்வகை ஹைப்பர்ஆக்சலூரியா என்கிறார்கள். ஆனால் கல்லீரல் திசுவில் ஏஜிடி நொதி வேலை செய்கிறது. நொதி இருந்தும் நோய் எப்படி வரும்?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நொதி இருக்கிறது, வேலையும் செய்கிறது. இருக்கும் இடம்தான் தவறு.

ஏஜிடி, கிளையாக்சிலேட்டைக் கிளைசினாக மாற்றும் கல்லீரல் நொதி. மனிதனில் அதன் இடம் பெராக்சிசோம். அங்கே கிளையாக்சிலேட் உருவாகும் இடத்திலேயே அது பிடித்து மாற்றவேண்டும். தவறினால் கிளையாக்சிலேட் வெளியேறி ஆக்சலேட் ஆகிறது. கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகப் படிகிறது.

இப்போது புரதத்தைப் பாருங்கள். வால் லைசின், லைசின், லியூசின்: பெராக்சிசோமுக்கான சமிக்ஞை, சற்றே பலவீனமானது. தலையில் 11ஆம் இடத்தில் பலருக்கு புரோலின் இருக்கும். சிலருக்கு அங்கே லியூசின். புரோலின் சுருளைக் குலைப்பது. அது போய் லியூசின் வந்ததும் தலைப்பகுதி நல்ல சுருளாக நிமிர்ந்து, மைட்டோகாண்ட்ரியச் சமிக்ஞை போலத் தோற்றம் கொள்கிறது. அப்படியும் இந்த மாற்றம் மட்டும் உள்ளவர்களில் நொதியின் 5 சதவீதம் அளவுதான் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அவர்களுக்கு நோய் இல்லை. ஏனென்றால் நொதி சட்டென்று மடிந்து, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துவிடுகிறது. ஜோடி சேர்ந்தது மைட்டோகாண்ட்ரியத் துளையில் நுழையாது. பெக்ஸ்5 அதை நிதானமாகக் கொண்டுபோகலாம்.

அதே சங்கிலியில் 170ஆம் இடத்துக் கிளைசினும் ஆர்ஜினினாக மாறினால் நிலைமை தலைகீழ். இந்த மாற்றம் எந்தச் சமிக்ஞையையும் தொடவில்லை. மடிந்து ஜோடி சேர்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் மைட்டோகாண்ட்ரியா புரதத்தை இழுத்துக்கொள்கிறது. நொதியின் சுமார் 90 சதவீதம் அங்கே போய், உள்ளே மடிந்து, வேலை செய்யும் நிலையில் உட்கார்ந்திருக்கிறது. கிளையாக்சிலேட் உருவாவதோ பெராக்சிசோமில்.

கண்டுபிடிப்பது எப்படி? திசுவை அரைத்து மொத்தச் செயல்பாட்டை அளந்தால் ஏமாந்துபோவோம். அரைத்ததும் இட வேறுபாடு அழிந்துவிடுகிறது. மெல்லிய சீவலில் ஏஜிடிக்கான எதிர்ப்பொருளைத் தங்கத் துகளோடு சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான கல்லீரலில் கறுப்புப் புள்ளிகள் பெராக்சிசோம்களின்மேல் குவிந்திருக்கும். இந்த நோயாளிகளில் பெராக்சிசோம் ஏறத்தாழ வெறுமையாக இருக்க, பக்கத்து மைட்டோகாண்ட்ரியாவின்மேல் அதே புள்ளிகள் அப்பியிருக்கும். இன்று இரண்டு மாற்றங்களையும் மரபணுப் பரிசோதனையே காட்டிவிடும். 170ஆம் இட மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. நொதியின் துணைப்பொருள் அதிலிருந்துதான் வருகிறது, அது மடிதலையும் தாங்கிப்பிடிக்கிறது.

வாசகர்: எனக்கு 52 வயது. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தது. நானும் பி6 மாத்திரை சாப்பிடலாமா?

வேண்டாம். மேலே சொன்னது அரிய பரம்பரை நோய். பெரியவர்களுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை அதனால் வருவதில்லை. அதிக அளவு பி6 நீண்ட நாள் சாப்பிட்டால் நரம்புகள் பாதிக்கப்படும். கல்லின் வகையையும் 24 மணி நேரச் சிறுநீரையும் பார்த்துச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆய்வு மாணவி: என் கேட்டலேஸ்–ஒளிர் புரத இணைப்பு பெராக்சிசோமுக்குப் போகவில்லை. ஒளிர் புரதம் வால் பக்கம் இருக்கிறது.

வால் முனையை மூடாதீர்கள். மேலே சொன்ன பதில்தான்.

முனைவர் பட்ட ஆய்வாளர்: நீங்கள் எண்டோபிளாச வலையில் மட்டும்தான் உருவாகும்போதே நுழைவது நடக்கிறது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின்மேல் ரைபோசோம்கள் உட்கார்ந்திருப்பதை 1970களிலேயே பார்த்துவிட்டார்களே.

பார்த்தார்கள், மறுக்கவில்லை. 2014இல் வைஸ்மன் குழு, மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி இயங்கும் ரைபோசோம்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, உட்சவ்வுப் புரதங்கள் பல அங்கேயே உருவாவது தெரிந்தது. நான் சொல்வது கட்டாயத்தைப் பற்றி. தயாராகி முடிந்த புரதத்தை, பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவோடு சோதனைக் குழாயில் சேர்த்தால் உள்ளே போகிறது. பாலூட்டியின் எண்டோபிளாச வலைச் சவ்வோடு அப்படிச் சேர்த்தால், பெரும்பாலான புரதங்கள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

அதே ஆய்வாளர்: ஈஸ்டின் எண்டோபிளாச வலைக்குள் ஆல்ஃபா காரணியின் முன்புரதம், முழுதாக உருவான பிறகுதானே நுழைகிறது? உங்கள் எல்லைக்கோடு அங்கேயே அழிந்துவிடுகிறது.

நியாயமான வாதம். செக்62, செக்63 என்ற சவ்வுப் புரதங்களின் துணையோடு அது நடக்கிறது. பாலூட்டிகளிலும் மிகச் சிறிய புரதங்கள் அப்படி நுழைகின்றன. ஆகவே கோடு நான் போட்ட அளவுக்கு நேர்க்கோடு அல்ல. ஆனால் ஏஜிடியை யோசியுங்கள். மனிதக் கல்லீரலில் உருவாகும்போதே நுழைவதுதான் முதன்மையான வழி என்றால், தலையில் லியூசின் வந்ததே போதுமாக இருந்திருக்கும். மடிதலைத் தாமதப்படுத்தும் இரண்டாவது மாற்றம் எதற்குத் தேவைப்பட்டது?

அதே ஆய்வாளர்: அது பலவீனமான சமிக்ஞை. ரைபோசோமில் இருக்கும்போதே பிடிபடும் வலு அதற்கு இல்லை என்றும் சொல்லலாமே. ஒரு நொதியை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது.

முடியாதுதான். வலுவான சமிக்ஞையை ஏஜிடியின் தலையில் ஒட்டி, இரண்டு வழிகளையும் நேரக் கணக்கோடு பிரித்துப் பார்க்கவேண்டும். அதுவரை உங்கள் விளக்கமும் நிற்கிறது, என்னுடையதும் நிற்கிறது.

இளங்கலை மாணவர்: பெராக்சிசோமுக்குள் போனதும் அந்த வால் வெட்டப்படுமா?

இல்லை, அந்த மூன்று எழுத்துகளும் அப்படியே இருக்கும். மற்ற இரண்டு உறுப்புகளிலும் தலைச் சமிக்ஞை பெரும்பாலும் வெட்டப்படும்.

இன்னொரு மாணவர்: வால் பக்கம் ஒளிர் புரதம் வைத்தால்…

வால் முனையை மூடாதீர்கள்.

கால்நடை மருத்துவர்: பூனையின் ஏஜிடி மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி எல்லாப் பூனைக்கும் கல் வரவேண்டுமே?

வராது, பூனைக்கு அதுவே சரியான இடம். இறைச்சியில் நிறைய ஹைட்ராக்சிபுரோலின் உண்டு. அது மைட்டோகாண்ட்ரியாவில் சிதைந்து அங்கேயே கிளையாக்சிலேட்டைத் தருகிறது. தாவர உணவில் உள்ள கிளைக்கோலேட் பெராக்சிசோமில் கிளையாக்சிலேட்டாகிறது. அதனால் முயலின் ஏஜிடி பெராக்சிசோமில். எலியில் இரண்டு இடங்களிலும் உண்டு: ஒரே மரபணு இரண்டு வெவ்வேறு இடங்களில் தொடங்கப்படுகிறது, முன்னதாகத் தொடங்கினால் தலையில் மைட்டோகாண்ட்ரியச் சமிக்ஞை கூடுதலாக வருகிறது, பின்னால் தொடங்கினால் அது இல்லை.

மனித வம்சத்தில் அந்த முன்தொடக்கக் குறியீடு மாறிப்போய்விட்டது. பழைய சமிக்ஞை படிக்கப்படுவதே இல்லை. எனவே மேலே சொன்ன குழந்தையின் நொதியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழுத்தது மூதாதையரின் சமிக்ஞை அல்ல. அதற்குக் கீழே, நொதியின் சொந்த உடலிலேயே, ஒரு புரோலின் போனதால் எழுந்து நின்ற புதிய சுருள் அது.