என்கோடர் ஃபால்ட்: மோட்டாரை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பேக்கிங் மெஷினில் சர்வோ டிரைவ் அடிக்கடி என்கோடர் ஃபால்ட் காட்டி நின்றுவிடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடர் உள்ளேயே செத்திருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபால்ட் வரும். ஓடிக்கொண்டே இருந்து, எப்போதாவது நின்று, ரீசெட் செய்ததும் மீண்டும் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் கனெக்டரையும்தான். நான் சேலத்தில் மெஷின் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஆத்தூர் சாலைப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் இதே யோசனையைக் கேட்டு மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். பணம் போனதே தவிர, ஃபால்ட் போகவில்லை. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

அந்த பேக்கிங் மெஷினில் பாக்கெட்டை ஒட்டும் சீலிங் ஜா மேலும் கீழும் போய்வரும். அதன் சர்வோ மோட்டாரும் கூடவே நகர்வதால், என்கோடர் கேபிள் டிராக் செயினுக்குள் மடங்கி விரிந்துகொண்டே இருக்கும். ஆபரேட்டரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ஃபால்ட் வரும்போது வேறு எது ஓடுகிறது? ஜவ்வரிசியை நிரப்பும் ஆகர் மோட்டார் சுற்றும்போது மட்டும் வருகிறது என்றார். அந்த மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டியில் ஓடுகிறது. ஃபால்ட் வராத நேரங்களிலும் சீல் விழும் இடம் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருந்தது என்பதையும் அவரே சொன்னார். டிரைவ் தவறான எண்ணிக்கையை உண்மையென நம்பி ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அது 2500 பல்ஸ் இன்கிரிமென்டல் என்கோடர். டிரைவ் அதை நான்கு மடங்காக எண்ணுவதால் ஒரு சுற்றுக்கு 10000 வர வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும் Z பல்ஸிலிருந்து அடுத்த Z பல்ஸ் வரை எண்ணிப் பார்த்தோம். விஎஃப்டி நின்றிருந்தபோது சரியாக 10000 வந்தது. அதை ஓடவிட்டதும் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் மாறியது.

A, B, Z என்ற ஒவ்வொரு சிக்னலும் A, /A என்பதுபோல ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கம்பிகளில் வருகிறது. வெளியிலிருந்து வரும் மின் நாய்ஸ் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் டிரைவ் அதைக் கழித்துவிடுகிறது. ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வசதி டிரைவில் இல்லாத பட்சத்தில், அமைதியான நேரத்தில் மற்றதைக் கொண்டே சிக்னல் ஓரளவு வந்துகொண்டிருக்கும். ஆனால் கழிக்கும் வாய்ப்புப் போய்விட்டதால், பக்கத்தில் விஎஃப்டி ஓடும்போது நாய்ஸையும் டிரைவ் பல்ஸாக எண்ணிவிடும்.

பவரை முழுமையாக ஆஃப் செய்து, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, ஒவ்வொரு கம்பியையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைப் பார்க்கும் மெக்கரை என்கோடர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மற்ற கம்பிகள் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டின. /B கம்பியும் முதலில் அப்படித்தான் காட்டியது. உதவியாளர் ஜாவைக் கையால் மேலே தள்ளியபோதுதான் அது ஓப்பன் ஆனது. மோட்டார் பக்கக் கனெக்டரைப் பிரித்தோம். கேபிள் கிளாம்ப் பிடிப்பு விட்டிருந்ததால் இழுவை முழுவதும் சால்டரின் மேல் விழுந்திருந்தது. பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதன் மேல் காய்ந்த சேகோ மாவின் வெள்ளைப் படலம். ஷிஃப்ட் முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். கனெக்டரின் ரப்பர் சீல் அதைத் தடுக்கவில்லை.

டிரைவ் பக்கம் கேபிளின் ஷீல்டான உலோகப் பின்னலை ஒரு விரல் நீளத்துக்கு வால்போல் முறுக்கி எர்த் ஸ்க்ரூவில் மாட்டியிருந்தார்கள். விஎஃப்டி தரும் உயர் அதிர்வெண் நாய்ஸ் எர்த்துக்குப் போக அந்த வாலே தடையாகிவிடும். கனெக்டரை மாற்றிய பின், கேபிளின் வெளி உறையை உரித்து, பின்னல் முழுவதையும் சுற்றிப் பிடிக்கும் உலோகக் கிளாம்பை, பெயிண்ட் சுரண்டிய பேனல் தட்டில் இறுக்கினோம். மோட்டார் பக்கமும் ஷீல்டைக் கனெக்டரின் உலோகக் கூட்டோடு இணைத்தோம். இரு முனையிலும் எர்த் செய்தால் கிரவுண்ட் லூப் வரும் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். மெல்லிய அனலாக் சிக்னலுக்கு அந்தக் கவலை நியாயமானது. சர்வோ என்கோடர் கேபிளுக்கு இரு முனையிலும் இணைக்கும்படியே பெரும்பாலான டிரைவ் மேனுவல்கள் சொல்கின்றன. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் அதன்படியே செய்யுங்கள். விஎஃப்டி கேபிளையும் தனி டிரேயில் விலக்கி வைத்தோம். அதன் பிறகு ஆகர் ஓடும்போதும் 10000 மாறவில்லை.

உங்களுடையது பேட்டரி உள்ள அப்சொல்யூட் என்கோடர் என்றால், கேபிளைக் கழற்றியதும் ஹோம் பொசிஷன் அழிந்துவிடலாம். முன்கூட்டியே குறித்து வையுங்கள். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கேபிளை, டிராக் செயினுக்கு வெளியே, பவர் கேபிள்களிலிருந்து தள்ளி, நேரடியாக மாட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதே ஃபால்ட் வந்தால் மோட்டாரையோ டிரைவையோ சந்தேகிக்கலாம். அதே வகை டிரைவ் இன்னொன்று மெஷினில் இருந்தால், இந்த மோட்டாரை அதில் மாட்டிப் பாருங்கள். ஃபால்ட் மோட்டாரோடு சேர்ந்து அங்கேயும் போனால் மட்டும் மோட்டாரை மாற்றுங்கள்.