வாரத்துக்குக் கிழமை, மாதத்துக்குத் தேதி

"அக்கா, நான் இங்கிலாந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது. மனைவியும் பாப்பாவும் சேலத்துல, அஸ்தம்பட்டியில மாமியார் வீட்டுல இருக்காங்க. பாப்பா பிறந்தது 2026 ஜனவரி 9. காய்ச்சலால 6 வார ஊசி தள்ளிப்போய் மார்ச் 4-லதான் போட்டாங்க. 10 வார ஊசியை மார்ச் 25 புதன்கிழமை போட்டுடலாமா? இங்க வந்தா அந்த ஊசியெல்லாம் கணக்குல சேருமா?"

தம்பி, மார்ச் 25 வேண்டாம். அன்று பாப்பாவுக்குப் 10 வாரம் தாண்டியிருக்கும், அது சரி. ஆனால் முதல் ஊசி போட்டு 21 நாள்தான் ஆகியிருக்கும். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். நெருக்கிப் போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது. ஆக வயது, இடைவெளி இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுதான் உங்கள் நாள். மார்ச் 4 புதனிலிருந்து நாலு புதன் தள்ளினால் ஏப்ரல் 1. மூன்றாவது தவணை ஏப்ரல் 29. நம் ஊரில் சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள் என்பதால் இது வசதியாகவும் இருக்கும்.

வாரத்தைக் கிழமையை வைத்தே எண்ணுங்கள். பாப்பா பிறந்தது வெள்ளி. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வாரம் முடிகிறது. 6 வாரம் என்றால் 42 நாள். அதை ஒன்றரை மாதம் என்று மாற்றவே மாற்றாதீர்கள். இங்கே இங்கிலாந்தில் 16 வாரத்தில் ஒரு தவணை உண்டு. உங்கள் பாப்பாவுக்கு அது மே 1; நாலு மாதம் முடிவது மே 9. அதற்குள்ளேயே எட்டு நாள் வித்தியாசம்.

9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசிக்கு மட்டும் வாரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். ஒன்பதை நாலால் பெருக்கி 36 வாரம் என்று போட்டால் செப்டம்பர் 18 வரும். 9 மாதம் உண்மையில் முடிவது அக்டோபர் 9. இதில் வீட்டுப் பெரியவர்கள் பேச்சும் குழப்பும். என் மகளுக்கு "ஒன்பதாம் மாசம் நடக்குது" என்று அம்மா சொன்னதை நம்பி, ஏற்காட்டிலிருந்து மலையிறங்கி வந்தோம். நர்சம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "எட்டுதான் முடிஞ்சிருக்கும்மா" என்று திருப்பி அனுப்பினார். ஒன்பது நடப்பதும் ஒன்பது முடிவதும் ஒரு மாத வித்தியாசம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை மிச்சமிருந்தால் தட்டம்மை ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும், அதற்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அதே காரணத்தால், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஒரு வயது முடிந்ததும் மறுபடி போடுவார்கள். அதற்காக சேலத்தில் 9 மாத ஊசியை விட்டுவிடாதீர்கள், நடுவில் உள்ள மாதங்களுக்கு அதுதான் காப்பு. மற்ற தவணைகளை முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நம் ஊர் அரசு அட்டவணையில் இல்லாத, மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சைட்டிஸ் பி ஊசியைக் கூடுதலாகப் போடுவார்கள்.

அட்டையில் ஊசியின் பெயரும் போட்ட தேதியும் எழுதியிருக்கிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். "10 வாரம்" என்ற கட்டத்தில் வெறும் டிக் மட்டும் இருந்தால், ஏப்ரல் 1-ல் போட்டது என்று இங்குள்ள நர்ஸுக்குத் தெரிய வழியில்லை.